கேபிள் வழியாக வந்த கரண்ட்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். ஏணி மேல் நின்று பிழைக்கிறவளுக்கு அது ஆகாது. அன்றைக்குக் காலையில் அந்த அலுவலகத்துக்குள் நுழையும்போதே கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. காரணம் என் அண்ணன்.

அண்ணனும் நானும் சேர்ந்துதான் தொழில் பார்க்கிறோம். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, வைஃபை வைப்பது. போர்டில் அவர் பெயர்தான் இருக்கிறது, ஏணியில் நான்தான் இருக்கிறேன். தொழிலில் அவருக்கு 'மிச்சம்' என்று பட்டப்பெயர். எந்த வேலைக்குப் போனாலும் கேபிள் சுருளைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதுல பத்து மீட்டர் மிச்சம் பண்ணலாமே" என்பார். எப்படி மிச்சம் பண்ணினார் என்று பின்னால் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் பின்னால் போகிறவள் நான்.

அன்றைக்கு அவரே வருவதாக இருந்தது. காலை எட்டரைக்கு போன் செய்து, "பாப்பா, எனக்கு வேற ஒரு சைட் இருக்கு, நீயே போயிடு. ஒரே ஒரு ஏபிதான். அரை மணி நேர வேலை" என்றார். எனக்கு முப்பத்து நாலு வயது. இன்னும் பாப்பா.

அது கட்டட வரைபடம் போடும் சின்ன அலுவலகம். பெரிய ஹாலில் பத்துப் பேர், கண்ணாடி அறைக்குள் மேனேஜர், வாசலை ஒட்டி மரத் தடுப்புக்கு முன்னால் வருகிறவர்களைக் கவனிக்கும் அக்கா. அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். போன் எடுப்பது, கூரியர் வாங்குவது, யார் எப்போது வரவேண்டும் என்று பதிவு செய்வது எல்லாம் அவர்தான்.

"வாங்கம்மா, வாங்க. நான்தான் நாலு மாசமா கத்திட்டிருக்கேன். என் மேசைக்கு வைஃபை வந்து வந்து போகுது. இன்னைக்காவது ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

"பண்ணிடலாம் அக்கா" என்றேன்.

அவர் மேசைக்கு அருகே மரத் தடுப்பில் நெட்வொர்க் சாக்கெட் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து வந்த கேபிள் அதில் சொருகித்தான் இருந்தது. "இதுல நெட் வராதா?" என்று கேட்டேன்.

"அது முன்னாடி வந்துச்சு. ராக் அலமாரிய அந்தப் பக்கம் மாத்தினப்போ நின்னுடுச்சு. உங்க அண்ணன்தான் இந்தக் குச்சியச் சொருகி வைஃபைல ஓட்டிக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

கம்ப்யூட்டரின் பின்னால் விரல் நகம் அளவில் ஒரு வைஃபை குச்சி. அப்போதே என் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். ராக்கை மாற்றினால் ஒரு சாக்கெட் மட்டும் ஏன் சாகும்? கேட்கவில்லை. அரை மணி நேர வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்களே, அந்த அவசரம்.

வேலை இதுதான். ஹால் கூரையில் பழைய வைஃபை பெட்டி ஒன்று தொங்கியது. அதற்கு நெட் கேபிள் தனி, கரண்டுக்கு அடாப்டர் தனி. புதிதாக மாட்டவேண்டிய வைஃபை பெட்டிக்கு, அதாவது ஏபிக்கு, அடாப்டரே கிடையாது. நெட் போகிற அதே கேபிள் வழியாகத்தான் கரண்டும் போகும். ராக் அலமாரியில் இருந்து எல்லாக் கேபிளுக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் சாதாரணமானது, அதற்குக் கரண்ட் அனுப்பத் தெரியாது. அதனால் நடுவில் இன்ஜெக்டர் என்று ஒரு சின்ன டப்பா வைக்கவேண்டும். சுவிட்சிலிருந்து நெட் ஒரு ஓட்டையில் உள்ளே வரும், நெட்டும் கரண்டும் சேர்ந்து மறு ஓட்டையில் வெளியே போகும்.

நல்ல இன்ஜெக்டர் எடுத்தவுடன் கரண்டைத் தள்ளாது. முதலில் கொஞ்சமாக ஒரு வோல்ட்டேஜ் விட்டு, அந்த முனையில் இருப்பது கரண்ட் வாங்கத் தெரிந்த சாமான்தானா என்று விசாரிக்கும். சரியான பதில் வந்தால்தான் நாற்பத்தெட்டு வோல்ட். வராவிட்டால் சும்மா இருக்கும். விசாரிக்காத ரகமும் சந்தையில் உண்டு. பிளக்கில் சொருகிய நிமிஷமே எதிரே யார் இருந்தாலும் தள்ளிவிடும். விலை பாதி. அண்ணன் பையில் எந்த ரகம் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

என் பையில் நல்லது ஒன்று இருந்தது. அலமாரியில் கூரைக் கேபிளைக் கண்டுபிடித்து, சுவிட்சிலிருந்து உருவி, இன்ஜெக்டரில் மாட்டினேன். ஏணி ஏறினேன். பழைய பெட்டியைக் கழற்றினேன். கேபிள் முனையில் இருந்த பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு நிறமும் வரிசையாக இருந்தது. ஏபியில் சொருகினேன்.

விளக்கு எரியவில்லை.

இறங்கினேன். இன்ஜெக்டரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஏறினேன். எரியவில்லை. மூன்றாவது தடவை ஏறும்போது மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, "என்னம்மா, ஏறி இறங்கிட்டே இருக்கே, உடற்பயிற்சியா?" என்றார். ஹாலில் நாலு பேர் சிரித்தார்கள். என் கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

அங்கேதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். கேபிள் டெஸ்டர் பையிலேயே இருந்தது. இரண்டு முனையிலும் மாட்டி, எட்டுக் கம்பியும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. எட்டு நிறத்தைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, அண்ணன் இழுத்த கேபிள், என்ன பெரிய டெஸ்ட் என்று ஒரு திமிர். இன்ஜெக்டர்தான் செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு சொன்னேன். அது சாகவே இல்லை. எதிரே சரியான ஆள் இல்லை என்று மூன்று தடவை ஒழுங்காகச் சொன்னது. அதைப் பையில் வீசிவிட்டு, அண்ணன் எப்போதோ கொடுத்துவைத்திருந்த விசாரிக்காத டப்பாவை எடுத்து மாட்டினேன்.

ஏறினேன். அப்போதும் விளக்கு எரியவில்லை. ஏபியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் இருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அக்காவின் குரல் கேட்டது. நாற்காலி உருண்டது. ஏதோ விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை. திரை இருண்டிருந்தது. அக்கா பதறி எழுந்த வேகத்தில் தண்ணீர் பாட்டில் சாய்ந்து மேசை முழுக்க ஈரம். யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அலமாரிக்குப் போய் இன்ஜெக்டரைப் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கை தானாகப் போனது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மேசை மேல் தண்ணீரும் கவிழ்ந்த பாட்டிலும்தான்.

"எத்தனை தடவை சொன்னேன், பாட்டில மேசை மேல வைக்காதேன்னு. எத்தனை தடவை."

"சார், புகை வந்த பிறகுதான் சார் பாட்டில் விழுந்துச்சு."

"தண்ணி பட்டா புகை வரும். புகை வந்ததாலயா தண்ணி வரும்?"

சற்று முன் என்னைப் பார்த்துச் சிரித்த நாலு பேரும் தங்கள் தங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் டெஸ்டரை எடுத்தேன். இப்போதாவது எடுத்தேனே. ஒரு பாதியை அலமாரியில் கேபிள் முனையில் மாட்டினேன், மறு பாதியை ஏணியில் ஏறி கூரை முனையில் மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. இந்த நாலு விளக்குதான் எரிந்தது. நாலு, ஐந்து, ஏழு, எட்டு இருட்டு. நெட்டுக்கு அந்த முதல் நாலே போதும், அதனால் பழைய பெட்டி குறையில்லாமல் ஓடியிருக்கிறது. இன்ஜெக்டர் கரண்ட் விடுவது மற்ற நாலில். நீல ஜோடி, பிறகு பழுப்பு ஜோடி. அவை கூரைக்கு வரவே இல்லை. அப்படியானால் எங்கே போயின?

பக்கத்துக் கூரைப் பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். இரண்டடி தள்ளிக் கேபிளில் பெருவிரல் தடிமனுக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தேன். அலமாரியிலிருந்து வந்த கேபிளை அங்கே அறுத்து, ஆரஞ்சு, பச்சை ஜோடிகளை மட்டும் ஒரு துண்டுக் கேபிளோடு முறுக்கிக் கூரை பிளக்குக்கு விட்டிருந்தது. அந்தத் துண்டில் எட்டு நிறமும் உண்டு, பாதி எங்கேயும் சேரவில்லை. நான் பார்த்து ஏமாந்த எட்டு நிறம் அதுதான். நீலமும் பழுப்பும் வேறொரு கேபிளில் முறுக்கப்பட்டு, மரத் தடுப்புக்குள் இறங்கி, நேராக அக்காவின் சாக்கெட்டுக்குப் போயின.

ஒரே கேபிளில் இரண்டு இணைப்பு. மிச்சம்.

அந்தக் காலத்தில் அலமாரியிலும் அதே மாதிரி இரண்டு பிளக்காகப் பிரித்திருப்பார், அதனால் இரண்டும் ஓடியிருக்கும். ராக்கை மாற்றும்போது தான் செய்த வித்தை தனக்கே மறந்து, எட்டுக் கம்பியையும் ஒரே பிளக்கில் அடித்துவிட்டார். அக்காவின் சாக்கெட் செத்தது அதனால்தான். செத்த சாக்கெட்டில் கேபிள் சொருகியே கிடந்தது. நான் விட்ட நாற்பத்தெட்டு வோல்ட் கூரைக்குப் போகாமல், கரண்ட் வாங்கத் தெரியாத அந்தக் கம்ப்யூட்டரின் நெட் வாசலுக்குள் நுழைந்து எரித்திருக்கிறது.

மணி பத்தே முக்கால். போனில் பார்த்தேன், அண்ணனுக்கு அடிக்கத்தான் போனை எடுத்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். "யார்கிட்டயாவது சொல்லிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"சொல்லாத. நான் வர்றேன். நான் வந்து பேசிக்கிறேன். இவங்களோட மத்த மூணு ஆபீஸ் வேலையும் நமக்குத்தான் வரணும் பாப்பா, தெரியும்ல? வாயத் திறக்காம இரு."

நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை எப்படிச் சொன்னாலும் அழகாக வராது. அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். டப்பாவை மாற்றியது நான். பயந்துபோய்விட்டேன், அவ்வளவுதான். அண்ணன் சொன்னார் என்பது வசதியாக இருந்தது.

உட்கார வேறு இடமில்லாததால் வாசல் பக்கம் இருந்த பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்காவின் மேசைக்கு நேர் எதிரே. அவர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"மூடி போட்டுத்தான்மா வச்சிருந்தேன்" என்றார் என்னிடம். "குடிச்சிட்டு மூடினேனா இல்லையான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் கொட்டிட்டேனோன்னு இருக்கு."

நான் என் ஷூ நுனியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "இல்லக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை. ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

பதினொன்றரைக்கு மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார். என் கவனக்குறைவால் தண்ணீர் சிந்தி அலுவலகக் கம்ப்யூட்டர் பழுதானது, இந்த மாதத்தோடு நானே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதித் தரவேண்டும். எழுதினால் மாதக் கடைசி வரை இருக்கலாம், நல்லபடியாகச் சான்றிதழ் கொடுப்பார். எழுதாவிட்டால் இன்றைக்கே போகலாம். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். பதினோரு வருஷம் வேலை பார்த்தவரிடம்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். மெதுவாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "விலகிக்கொள்கிறேன்னு போடணுமா, விலகுகிறேன்னு போடணுமா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

அண்ணன் வர பன்னிரண்டேகால் ஆனது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய டெஸ்டர் பெட்டி. நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அறைக் கதவைத் திறந்தே வைத்தேன்.

"பார்த்துட்டேன் சார்" என்றார் அண்ணன். எதையும் பார்க்கவில்லை. "நம்ம லைன் எல்லாம் பக்காவா இருக்கு. தண்ணி உள்ள இறங்கியிருக்கு, அதான் போர்டு போயிடுச்சு. இந்த மாதிரி நான் எத்தனையோ பார்த்திருக்கேன். ஏபிய மட்டும் சாயங்காலத்துக்குள்ள மாட்டிக் குடுத்துடறோம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் மேனேஜர். மேசையில் அந்தக் கடிதம் இருந்தது. அதன் மேல் பேப்பர் வெயிட் வைத்திருந்தார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. அண்ணன் பொய் சொல்வார் என்று தெரியும். ஆனால் இவ்வளவு சுலபமாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொல்வார் என்று தெரியாது. அவரைப் பார்க்கப் பார்க்க ஒன்றரை மணி நேரமாக நான் எப்படி இருந்திருப்பேன் என்றும் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

"தண்ணி இல்ல சார். நாங்க" என்றேன்.

"பாப்பா, நீ போய் ஏணிய எடுத்து வை."

"ஏணி இருக்கட்டும். சார், கொஞ்சம் வெளிய வாங்க. ரெண்டு நிமிஷம்."

அண்ணன் சிரித்தார். "சின்னப் பொண்ணு சார். பயந்துட்டா. எதையாவது உளறும்."

"உளறல் இல்ல. விளக்கு எரியும், எண்ணிப் பாருங்க."

டெஸ்டரின் ஒரு பாதி அலமாரியில் கூரைக் கேபிளில்தான் இருந்தது. மறு பாதியைக் கொண்டுபோய் அக்காவின் சாக்கெட்டில், கம்ப்யூட்டரிலிருந்து வந்த கேபிளை உருவிவிட்டுச் சொருகினேன். மேனேஜரை அலமாரிப் பக்கம் நிற்கச் சொன்னேன். அங்கே எரிகிற எண்ணை அவர் சொல்லவேண்டும், இங்கே எரிவதை நான் சொல்வேன்.

"ஒண்ணு" என்றார். இங்கே இருட்டு. "ரெண்டு." இருட்டு. "மூணு." இருட்டு. "நாலு."

"இங்க ஒண்ணாம் நம்பர் எரியுது."

"அஞ்சு."

"ரெண்டாம் நம்பர் எரியுது."

ஆறுக்கு இருட்டு. ஏழுக்கு மூன்றாம் நம்பர் எரிந்தது. எட்டுக்கு ஆறாம் நம்பர் எரிந்தது. ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கூரைக்குப் போற கேபிள்ல பாதி இந்த மேசைக்கு வருது" என்றேன். "எங்க அண்ணன் எப்பவோ கேபிள் மிச்சம் பண்ணப் பிரிச்சு விட்டது. நான் டெஸ்ட் பண்ணாம அதுல கரண்ட் விட்டேன். ஏபிக்குப் போகவேண்டியது இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. அத எரிச்சது நான். தண்ணி பிறகுதான் விழுந்துச்சு. இவங்க சொன்னதுதான் உண்மை."

அண்ணன் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. மேனேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆபீஸ் என்ன உங்க பரிசோதனைக் கூடமா, மூணு இல்ல, ஒரு ஆபீஸ் வேலையும் உங்களுக்குக் கிடையாது, இதைச் சரிபண்ணிட்டு வெளிய போங்க" என்று கத்தினார். அண்ணன் என்னைப் பார்த்து, "திருப்தியா?" என்றார். பெரிய டெஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

மேனேஜர் அறைக்குள் போய்க் கடிதத்தை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று நினைத்தேன். "சரி, கிழிச்சுப் போட்டுடு. சாயங்காலம் வேற கம்ப்யூட்டர் வரும். போய் வேலையப் பாரு" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா கிழிக்கவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் வந்து, "நல்லவேளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வேலை இருந்தது. டேப் சுற்றிய ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு, கூரைக்குத் தனியாக ஒரு முழுக் கேபிள், அக்காவின் சாக்கெட்டுக்குத் தனியாக ஒரு முழுக் கேபிள் இழுத்தேன். இரண்டையும் டெஸ்ட் செய்தேன், எட்டுக்கு எட்டு. என் பையில் வீசிய பழைய இன்ஜெக்டரைத் திரும்ப எடுத்து மாட்டினேன். இரண்டு நொடி விசாரித்தது. கூரையில் ஏபியின் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எட்டி ஒரு உதை விடலாம் போல் இருந்தது.

கடைசியாக அக்காவின் சாக்கெட்டைப் பூட்டவேண்டும். அது அவர் காலடியில் இருந்தது. மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு நோட்டில் கையால் போன் அழைப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

புரியாத மாதிரி நடிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "பத்தே முக்காலுக்கு" என்றேன்.

அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெயரை முடித்து, நம்பரையும் எழுதி, அடியில் கோடு போட்டார்.

"இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் கொட்டிட்டேனோன்னு உங்ககிட்டதான் சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், நான்தானே கடைசியில் சொன்னேன், நான்தானே மூணு ஆபீஸ் வேலையையும் இழந்தேன் என்று. அவர் அதற்கு இடமே தரவில்லை. காலை முதல் கோபப்படுவதற்கு எனக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது. இப்போது யாரும் மிச்சமில்லை.

ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தேன். "காலக் கொஞ்சம் நகத்திக்கிறீங்களா அக்கா" என்றேன்.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நகர்றேன்" என்றார். "ஆனா அக்கான்னு கூப்பிடாதீங்க."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போனேன்.